முதலில் எழுது, காயைத் தொடாதே: டிரா கோருவது பற்றி ஒரு திறந்த மடல்

மாவட்டப் போட்டிகளை நடத்தும் தலைமை நடுவர்களுக்கும், பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் செஸ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சிறுவர் பிரிவில் அடிக்கடி நடப்பது இது. தோற்கும் நிலையில் இருக்கும் ஒரு பிள்ளை தொடர்ந்து செக் கொடுத்துப் போராடி, ஒரே நிலையை மூன்றாவது முறையாகப் பலகையில் கொண்டுவருகிறது. காயை வைக்கிறது, கடிகாரத்தை அழுத்துகிறது, பிறகு கையைத் தூக்கி "சார், மூணு தடவை வந்துருச்சு" என்கிறது. மூன்று தடவை வந்தது உண்மைதான். ஆனாலும் அந்தக் கோரிக்கை செல்லாது. காய் நகர்ந்து கடிகாரமும் அழுத்தப்பட்டதும் முறை எதிராளிக்குப் போய்விட்டது. டிரா கேட்கும் உரிமை, நகர்த்தும் முறை யாருக்கோ அவருக்குத்தான். வெற்றி நிலையில் இருக்கும் எதிராளி ஏன் கேட்கப் போகிறார்? ராஜாவை வேறு கட்டத்துக்கு நகர்த்தி வெற்றியை நோக்கிப் போய்விடுவார்.

இதைப் பிள்ளையின் அவசரம் என்று விட்டுவிட முடியாது. பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யும் இணையதளங்கள் சிலவற்றில் நிலை மூன்றாம் முறை வந்ததுமே ஆட்டம் தானாக டிரா ஆகிவிடுகிறது. கோர வேண்டும் என்ற எண்ணமே அங்கே உருவாவதில்லை. 'தொடர் செக் என்றால் டிரா' என்று பாடம் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஃபிடே விதிகளில் தொடர் செக்குக்கென்று தனி விதி கிடையாது. தொடர் செக் ஆட்டம் டிரா ஆவது இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால். இல்லையென்றால் மூன்று முறை நிலை விதியோ ஐம்பது நகர்த்தல் விதியோ கைகொடுக்க வேண்டும்.

விதி 9.2 சொல்வதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம். கோருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. எதிராளி இப்போது வைத்த நகர்த்தலால் நிலை மூன்றாம் முறை வந்திருந்தால், எதையும் தொடாமல், எதையும் எழுதாமல், கடிகாரத்தை இருவருக்கும் நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டால் போதும். நான் அடுத்து வைக்கப்போகும் நகர்த்தலால்தான் மூன்றாம் முறை வரும் என்றால், அந்த நகர்த்தலை ஸ்கோர்ஷீட்டில் எழுத வேண்டும், பலகையில் வைக்கக்கூடாது. எழுதியபின் கடிகாரத்தை நிறுத்தி, "இந்த நகர்த்தலை வைக்கப்போகிறேன், வைத்தால் மூன்றாம் முறை" என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். நகர்த்தலை முன்கூட்டியே எழுதுவது பொதுவாகக் குற்றம். அதற்கான விலக்குகளில் டிரா கோருவதும் ஒன்று. பிள்ளைகள் தயங்குவதற்கு இதுவும் காரணம். 'வைத்த பிறகே எழுது' என்று நாம்தானே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்குக் கோரும் உரிமை போய்விடும் என்கிறது 9.4. யோசித்தபடியே ராணியின் தலையில் விரலை வைத்து, பிறகு நினைவு வந்து கையைத் தூக்கும் பிள்ளைக்கு உதவ வழியில்லை. 'நிறுத்துவது' என்றால் என்ன என்பதையும் கையில் கடிகாரத்தைக் கொடுத்துக் காட்ட வேண்டும். பலர் தன் பக்கத்து நெம்புகோலை அழுத்துகிறார்கள். அப்போது எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கி, நகர்த்தாமலே நகர்த்தியது போன்ற குழப்பம் வருகிறது. நடுவிலிருக்கும் நிறுத்தும் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

இனி நடுவர்கள் பக்கம். 'ஒரே நகர்த்தல்கள் மூன்று முறை அடுத்தடுத்து வரவில்லையே' என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. திரும்பி வரவேண்டியது நிலைதான், நகர்த்தல் அல்ல. இதற்கு 1971-இல் பியூனஸ் அயர்சில் நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரிந்து இல்லை. பாபி ஃபிஷர் வெள்ளை, டிக்ரான் பெட்ரோசியன் கருப்பு. பெட்ரோசியனின் நிலைதான் மேலானது. 30-ஆவது நகர்த்தலிலிருந்து ஆட்டம் இப்படிப் போனது:

```
30.Qe2 Qe5
31.Qh5 Qf6
32.Qe2 Re5
33.Qd3 Rd5
34.Qe2
```

ஸ்கோர்ஷீட்டை மேலோட்டமாகப் பார்த்தால் Qe2 தவிர எதுவும் திரும்பவில்லை. முதல் சுற்றில் கருப்பு ராணி f6-இலிருந்து e5-க்குப் போய்த் திரும்பியது. வெள்ளை ராணி h5 வழியாக e2-க்கு வந்தது. இரண்டாம் சுற்றில் கருப்பு ராணி அசையவில்லை; யானைதான் d5-இலிருந்து e5-க்குப் போய்த் திரும்பியது, வெள்ளை ராணி d3 வழியாக வந்தது. ஆனால் 30, 32, 34 ஆகிய மூன்று Qe2-க்குப் பிறகும் பலகையில் இருப்பது அச்சுமாறாமல் ஒரே நிலை, மூன்று முறையும் கருப்பின் முறை. ஃபிஷர் 34.Qe2 என்று எழுதினார், காயை வைக்கவில்லை, டிரா கோரினார். என்ன நடக்கிறது என்பது பெட்ரோசியனுக்கு முதலில் பிடிபடவில்லை. ஃபிஷர் காயை வைத்துவிட்டுக் கேட்டிருந்தால், கருப்பு வேறொரு நகர்த்தலை வைத்து மேலான நிலையைத் தொடர்ந்து ஆடியிருக்கலாம்.

ஆகவே கோரிக்கை வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடிகாரம் நின்றிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு ஸ்கோர்ஷீட்டையும் எடுங்கள், ஆட்டம் நடந்த பலகையைக் கலைக்காமல் வேறொரு பலகையில் இரண்டு ஆட்டக்காரர்கள் முன்னிலையில் ஆடிப் பாருங்கள். நிலை முதலில் வந்த இடத்தில் நிறுத்தி மூன்றைக் கேளுங்கள்: நகர்த்தும் முறை யாருக்கு, காய்கள் அதே கட்டங்களில் இருக்கின்றனவா, இரு தரப்பின் சாத்தியமான நகர்த்தல்களும் அதேதானா. இரண்டு வெள்ளைக் குதிரைகள் இடம் மாறி நின்றால் பரவாயில்லை. ஒரே வகை, ஒரே நிறம் என்பதால் அது அதே நிலைதான்.

மூன்றாவது கேள்வியில்தான் நடுவர்களும் சறுக்குகிறார்கள். வெள்ளை ராஜா e1-இலும் யானை h1-இலும் இதுவரை அசையாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். யானை g1-க்குப் போய் h1-க்குத் திரும்புகிறது, கருப்புக் குதிரையும் போய்த் திரும்புகிறது. காய்கள் அதே இடத்தில் இருந்தாலும், முதல் தடவை அந்தப் பக்கம் கேஸ்லிங் உரிமை இருந்தது, இரண்டாம் தடவை இல்லை. ஆகவே முதல் தடவை கணக்கில் சேராது. கண்ணுக்கு நான்காவதாகத் தெரிவதுதான் விதிப்படி மூன்றாவது. ராஜாவுக்குச் செக் இருப்பதால் அந்த நேரத்தில் கேஸ்லிங் செய்ய முடியாமல் போவது வேறு. அதனால் உரிமை போவதில்லை. என் பாசாண்டும் இப்படித்தான். சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டி வந்த உடனே அதை வெட்ட முடிந்த நிலை, அடுத்த சுற்றில் வரும் நிலையிலிருந்து வேறானது.

கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டுகிறோம். பிளிட்ஸில் ஒரு நிமிடம். எழுதிய நகர்த்தலை வைத்தே ஆக வேண்டும், கோரிக்கையைத் திரும்பப் பெற முடியாது. அதனால் டிரா கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க நகர்த்தலைத்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோரிக்கை டிரா யோசனையாகவும் எண்ணப்படும் என்பதையும் எதிராளிக்குத் தெரியப்படுத்துங்கள். அவர் ஒப்புக்கொண்டால் சரிபார்க்கும் வேலையே இல்லை.

ஐம்பது நகர்த்தல் விதியிலும் கோரும் முறை இதேதான். சிக்கல் எண்ணுவதில். இரு தரப்பும் தலா ஐம்பது நகர்த்தலில் சிப்பாய் அசையாமலும் காய் எதுவும் வெட்டப்படாமலும் இருக்க வேண்டும். செக்கோ கேஸ்லிங்கோ எண்ணிக்கையைக் கலைக்காது. யானையும் பிஷப்பும் யானையை எதிர்க்கும் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் சரியாக ஆடினாலும் வெல்ல ஐம்பதுக்கு மேல் நகர்த்தல் தேவைப்படும் நிலைகள் உண்டு. அதனால் ஒரு காலத்தில் ஃபிடே இதற்கும் வேறு சில இறுதியாட்டங்களுக்கும் கூடுதல் நகர்த்தல் அளித்தது. 1989-இல் பெல்கிரேடில் நிகோலிச்சும் அர்சோவிச்சும் ஆடிய ஆட்டம் 269 நகர்த்தல் வரை நீண்டது அப்படித்தான். 1992 முதல் விலக்குகள் இல்லை. எல்லா இறுதியாட்டத்துக்கும் ஐம்பதுதான்.

வெள்ளை 61-ஆவது நகர்த்தலில் கடைசிச் சிப்பாயை வெட்டுகிறது, கருப்புக்கு யானை மட்டும் மிச்சம் என்று கொள்வோம். எண்ணிக்கை கருப்பின் 61-இலிருந்து தொடங்கும். கருப்புக்கு 61 முதல் 110 வரை ஐம்பது. வெள்ளைக்கு 62 முதல் 111 வரை ஐம்பது. வெள்ளை 111-ஐ வைத்ததும் தன் முறையில் கருப்பு எதையும் எழுதாமலே கோரலாம். 110-ஐ எழுதிக் கேட்டால் வெள்ளைக்கு நாற்பத்தொன்பதுதான் ஆகியிருக்கும். கோரிக்கை தவறு, எதிராளிக்கு இரண்டு நிமிடம். அதே 61-இல் வெட்டியது கருப்பு என்றால், கருப்பு தன் 111-ஆவது நகர்த்தலை எழுதி, வைக்காமல் கோரலாம். வெட்டு நடந்ததும் ஸ்கோர்ஷீட்டில் அந்த வரியில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அவ்வளவு பழக்கம் போதும்.

ரேப்பிட் ஆட்டங்களில் எழுதத் தேவையில்லை, ஆனால் கோரும் உரிமை போவதில்லை. எந்த நேரத்திலும் நடுவரிடம் ஸ்கோர்ஷீட் வாங்கி எழுதத் தொடங்கலாம். காய்கள் குறைந்த இறுதியாட்டம் தொடங்கியதுமே வாங்கிவிடுவது நல்லது. நாற்பது நகர்த்தல் கடந்தபின் வாங்கினால் மீதிக்குத்தான் சான்று இருக்கும். ஐந்தாம் முறை அதே நிலை வந்தாலோ, தலா எழுபத்தைந்து நகர்த்தல் ஆனாலோ யாரும் கோராமலே ஆட்டம் டிரா, கடைசி நகர்த்தல் மேட்டாக இல்லாதவரை. அங்கே நடுவரே தலையிட வேண்டும். மூன்றாம் முறையிலும் ஐம்பதிலும் தலையிடக்கூடாது. பக்கத்தில் நிற்கும் பெற்றோரும் பயிற்சியாளரும் வாய் திறக்கக்கூடாது.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. முதல் சுற்றுக்கு முன் கைப்பேசி, அமைதி பற்றிய அறிவிப்போடு, கோரும் முறையையும் தமிழில் ஒரு நிமிடம் சொல்லுங்கள். கடிகாரத்தின் நிறுத்தும் பொத்தானைத் தூக்கிக் காட்டுங்கள். நடுவர் மேசையில் சரிபார்ப்பதற்கென ஒரு பலகையும் ஒரு செட் காயும் எப்போதும் இருக்கட்டும். பயிற்சியாளர்கள் மேலே உள்ள ஃபிஷர் நகர்த்தல்களை ஒரு வகுப்பில் ஆடவைத்து, 33...Rd5 வந்ததும் நிறுத்தி, "இப்போது என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பேனாவை எடுக்காமல் ராணியை எடுக்கும் பிள்ளைக்கு இன்னொரு முறை சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
செஸ் ஆடுவோர், ஆட்டக் குறிப்புகளைச் சரிபார்ப்போர் சிலர்