பாராட்டு விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் ஐயாவுக்கு நீங்கள் எடுத்த விழாவில் வாசித்த பாராட்டுரை விழா மலரில் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை அப்படியே அச்சிடாதீர்கள். ஐயாவின் இலவச டியூஷனில் படித்து, இப்போது அங்கேயே மாலையில் கணக்கு சொல்லித் தருகிறவள் என்ற முறையில் கேட்கிறேன்.

உரையின் நடுவே ஒரு பையனைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தீர்கள். அப்பா வீட்டைவிட்டுப் போனதையும் அம்மா பட்ட கடனையும் மைக்கில் சொன்னீர்கள். எதிரே அவனோடு படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டல் ஓயும்வரை அவன் தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து டியூஷனுக்கும் வரவில்லை. ஐயா வீடு தேடிப் போனார். அவன் உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை.

ஐயாவின் அருமையைச் சொல்ல அந்தக் கடன் கதை எதற்கு? என் கதையைச் சொல்லியிருக்கலாமே. நான் சேர்ந்தபோது ஏழாம் வகுப்பு. முதல் நாள் 402-இல் 178-ஐக் கழிக்கச் சொன்னார். 376 என்று எழுதினேன். அவர் தப்பு என்று சொல்லவில்லை, எப்படிப் போட்டாய் என்று கேட்டார். 2-இல் 8 போகாது, அதனால் 8-இல் 2-ஐக் கழித்தேன் என்றேன். எந்த இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று நானாக ஒரு விதி வைத்திருந்தேன். கடன் வாங்கிக் கழிப்பது புரியாத பிள்ளைகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். விடை தப்பு என்று மட்டும் சுழித்துவிட்டால் அந்த விதி உள்ளேயே இருந்துவிடும்.

ஐயா குச்சிகளை எடுத்துவந்தார். நூறு நூறாக நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. ஒரு நூறைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கச் சொன்னார். அதில் ஒரு கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்த்தேன். இப்போது 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. அதிலிருந்து 178-ஐ எடுத்தால் மீதி 224. நடுவில் இருந்த பூஜ்யம் எப்படி 9 ஆகிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் ஒன்றரை மாதம் ஏழாம் வகுப்புப் புத்தகத்தையே அவர் தொடவில்லை. அந்தப் பரீட்சையில் என் மார்க்கும் ஏறவில்லை. வீட்டில் கோபப்பட்டார்கள். அவர் அவசரப்படவில்லை. பாராட்ட வேண்டியது அந்தப் பொறுமையை அல்லவா? உங்கள் உரையில் 'வள்ளல்' பலமுறை வந்தது, அவர் பாடம் நடத்தும் விதம் ஒரு வரிகூட வரவில்லை. பொதுவாகவே நம் மேடைகளில் கொடுத்தவரின் பெருமை பேச, வாங்கியவரின் வறுமையை விரித்துச் சொல்கிறார்கள். மனம் கொதிக்கிறது.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனின் பெயர், படம், குடும்ப விவரம் எதுவும் மலரில் வேண்டாம். உரையைத் திருத்தி எழுதுவதாக இருந்தால், எழுதுகிறவர் ஒரு மாலை எங்கள் வகுப்பில் வந்து உட்காரட்டும். அச்சுக்குப் போகும் முன் ஐயாவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பணிவுடன்,
ஐயாவின் பழைய மாணவி