விசேஷத்துக்குப் போனால் விளம்பரத்துக்கும் சம்மதமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், கல்யாண வீடியோவில் தன் முகத்தைக் கேட்காமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். 'விசேஷத்துக்குப் போனாலே படமெடுக்கச் சம்மதித்ததாகத்தான் அர்த்தம்' என்று ஒரே வரியில் அவர் வாயை அடைத்துவிட்டீர்கள். பதில் எழுதிய வழக்கறிஞர் ஐயாவை எந்தக் கேமராவும் இதுவரை தொந்தரவு செய்ததில்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை ஒருவர் மிக அருகில் வந்து எடுத்தார். ஆல்பத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அது ஸ்டூடியோவின் பக்கத்தில் ரீல்ஸாக வந்தது. பின்னணியில் நகைச்சுவை இசை, மேலே 'செலவுக் கணக்கைப் பார்த்த அத்தை' என்று எழுத்து. அன்று நான் ஏன் அழுதேன் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

போன் செய்தால், "மேடம், அது எங்க வொர்க், காப்பிரைட் எங்களுது. பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார் அந்தத் தம்பி. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அவர்தான் முதல் உரிமையாளர். எடுத்துக் கொடுத்தவர் அல்ல. என் அண்ணன் மகள் கையெழுத்திட்ட தாளைத் தேடி எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'படங்களை ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தது. பயன்படுத்த அனுமதி கொடுத்திருக்கிறாளே தவிர, உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை. அதுவும் அவள் படத்துக்குக் கொடுத்த அனுமதி. என் முகத்துக்கு அவள் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?

ஆல்பத்துக்குத் தர வேண்டிய பாக்கியை மாப்பிள்ளை நிறுத்திவைத்த பிறகுதான் ஸ்டூடியோ அந்த ரீல்ஸை நீக்கியது. அதற்குள் வேறு சில பக்கங்கள் அதை இறக்கி, தங்கள் சொந்தச் சரக்கு போலப் போட்டுவிட்டன. 'இது என் முகம், என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள்' என்று அந்தச் சமூக ஊடகத் தளத்திடம் புகார் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அதே வீடியோவுக்கு என் அண்ணன் மகள், உரிமையாளர் என்ற முறையில் பதிப்புரிமைப் புகார் கொடுத்தாள், நீக்கிவிட்டார்கள். என் முகத்துக்கு இல்லாத மரியாதை அவள் கொடுத்த காசுக்கு இருந்திருக்கிறது.

தனியாக விடப்படும் உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னதே ஒரு தமிழ் வார இதழின் வழக்கில்தான். பத்திரிகை நடத்தும் தங்களுக்கு அதை நான் நினைவூட்டுவது அதிகப்பிரசங்கம். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வீட்டு உபயோகத்துக்கு அதில் விலக்கு உண்டு, ஆகவே குடும்ப ஆல்பத்தை அது தொடாது. ஆனால் ஆள் பிடிக்க ஸ்டூடியோ போடும் ரீல்ஸ் வீட்டு உபயோகமா? எதற்கென்று சொல்லிக் கேட்டு வாங்குவதுதான் சம்மதம், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம் என்கிறது அந்தச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, சம்மதம் பற்றிய பகுதிகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதுவரை நாங்கள் 'செலவுக் கணக்கைப் பார்த்த அத்தை'களாகவே இருந்துகொள்கிறோம்.

தங்கள் இதழும் சளைத்ததல்ல. முதியோர் தனிமை பற்றிய கட்டுரைக்குப் பூங்காவில் உட்கார்ந்திருந்த என் தோழியின் படத்தைப் போட்டு, 'கைவிடப்பட்ட முதுமை' என்று அடிக்குறிப்பு எழுதினீர்கள். அவர் பேரன் விளையாடி முடிக்கக் காத்திருந்தார். அக்கம்பக்கத்தில் வந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் மகன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது நான் அனுப்பிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பக்க நெருக்கடி, புரிந்துகொள்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழின் அதே பகுதியில் நான்கு வரி: வீடியோவின் உரிமை பொதுவாகப் பணம் கொடுத்தவருக்கே, கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தில் விளம்பர வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லலாம், அல்லது 'விருந்தினர் படங்களுக்கு அவரவர் சம்மதம் தனியே பெற வேண்டும்' என்று எழுதிக் கேட்கலாம். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்காவது பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.)