தடுப்பூசி அறையில் விளக்கை அணையுங்கள்: குழந்தை நல மருத்துவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தை நல மருத்துவர்களே,

ரெட்டினோபிளாஸ்டோமா என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விழித்திரையில் வரும் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது என்பதும், கண்பாவையில் தெரியும் வெள்ளை ஒளிதான் அதன் முதல் அடையாளமாகப் பலமுறை அமைகிறது என்பதும் உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பவை. நான் கேட்பது ஒன்றுதான்: தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் விளக்கை அணைத்து, ஆப்தல்மோஸ்கோப்பால் இரண்டு கண்ணையும் பாருங்கள்.

என் தங்கை மகனுக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை. ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் அவனுடைய வலது கண் சிவப்பாகவும் இடது கண் வெள்ளையாகவும் தெரிந்தது. எல்லாப் படத்திலும் அப்படி இல்லை. அவன் சற்றே பக்கவாட்டில் பார்த்தவற்றில் மட்டும்தான். தங்கை செல்பேசியை நீட்டினாள். மருத்துவர் வெளிச்சமான அறையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கேமரா கோளாறும்மா" என்றார். இடது கண் லேசாக ஒதுங்குவதைக் காட்டியபோது, "வளர வளரச் சரியாகிவிடும்" என்றார். அட்டையில் 'கண்: இயல்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கேமராவும் சில நேரம் ஏமாற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஒளி ஒரு கோணத்தில் விழுந்து பார்வை நரம்பின் வட்டில் பட்டால் நல்ல கண்ணும் வெள்ளையாகத் தெரியலாம். ஆனால் அதை யார் முடிவு செய்வது? பாவையை மருந்தால் விரித்துப் பார்த்த கண் மருத்துவர் அல்லவா! வெளிச்சத்தில் சுருங்கிய பாவை வழியாக டார்ச்சில் பார்த்தால் ஓரத்தில் இருக்கும் கட்டி எப்படித் தெரியும்? அப்படியே கட்டி இல்லையென்றாலும் கண்புரை, கோட்ஸ் நோய் என்று அந்த வெள்ளைக்குக் காரணமாகக் கூடியவை எவையும் தள்ளிப்போடத் தக்கவை அல்ல. ஒதுங்கும் கண்ணும் அப்படித்தான். பார்வையின் மையத்தில் கட்டி உட்கார்ந்தால் அந்தக் கண்ணால் நேராகப் பார்க்க முடியாது, அதனால் ஒதுங்கிவிடும்.

மாதங்கள் கழித்து மயக்க மருந்து கொடுத்துச் சோதித்தபோது இடது கண் முழுக்கக் கட்டி. கண்ணுக்குள் இருக்கும் கூழிலும் அதன் துகள்கள் மிதந்தன. அந்தக் கண்ணைக் காப்பாற்ற வழியில்லை. எடுத்துவிட்டார்கள். பார்வை நரம்பைக் கூடுமானவரை நீளமாகச் சேர்த்து வெட்டினார்கள், ஏனென்றால் இந்தப் புற்று மூளைக்குப் போகும் பாதை அதுதான். அதே சோதனையில் வலது கண்ணில், யாருக்கும் தெரியாமல், ஒரு சின்னக் கட்டி இருந்தது. அதை லேசரால் சுட்டு, கீமோவும் கொடுத்து, அந்தக் கண்ணைக் காப்பாற்றினார்கள். ஒரே நோய், ஒரே குழந்தை. சிறிதாக இருந்தபோது பிடிபட்ட கண் பார்க்கிறது, மற்றதற்குச் செயற்கைக் கண் வைத்திருக்கிறோம்.

இரண்டு கண்ணிலும் வந்தால் ஆர்பி1 மரபணுவின் பிழை பிறக்கும்போதே உடலெங்கும் இருக்கிறது என்று பொருள். அதனால்தான் அடுத்து பிறந்த தங்கச்சிப் பாப்பாவைப் பிறந்த சில நாட்களிலேயே பாவை விரித்துப் பார்த்தார்கள். அதைச் சொன்னவர் கண் மருத்துவர். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

எடை பார்க்கிறீர்கள், உயரம் பார்க்கிறீர்கள், தலைச் சுற்றளவைக்கூட நாடா வைத்து அளக்கிறீர்கள். சுவரில் இருக்கும் ஒரு சுவிட்சைத் தட்ட மட்டும் தனி நிபுணர் வர வேண்டுமோ? பார்க்காமலே 'இயல்பு' என்று எழுதும் கலைக்கும் பட்டமளிப்பு விழா நடத்தலாம். சரி, கோபத்தை விடுகிறேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். அறை இருட்டானதும் கை நீள தூரத்திலிருந்து கருவியின் ஒளியை இரண்டு கண்ணிலும் ஒன்றாகப் பாய்ச்சுங்கள். இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் தெரிய வேண்டும். ஒன்று வெள்ளையாகவோ மங்கலாகவோ கருமையாகவோ இருந்தால், அடுத்த தடுப்பூசிவரை காத்திருக்கச் சொல்லாமல், அந்த வாரத்துக்குள் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்தச் சோதனை ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டியைத் தவறவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், ஒளி இயல்பாகத் தெரிந்தாலும் பாவை விரித்துப் பார்க்க அனுப்புங்கள். பெற்றோர் புகைப்படம் காட்டினால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

தடுப்பூசி அட்டையில் 'கண்: இயல்பு' என்ற வரியை நீக்கிவிட்டு, 'இருட்டறையில் இரு கண்ணும் பார்க்கப்பட்டன: ஆம் / இல்லை' என்று அச்சிட வேண்டுகிறேன். அதன் கீழே தேதியும் பார்த்தவர் பெயரும் இருக்கட்டும்.

பணிவுடன்,
ஒரு குழந்தையின் பெரியம்மா