அப்பாவின் இடது கண்

மயிலாடுதுறை

அன்புள்ள கணபதி,

உன் கடிதமும் அதற்கு மறுநாளே வாட்ஸ்அப்பில் படமும் வந்தன. பேரன் பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பெரிதாக மாற்றம் ஒன்றும் இல்லை. மூத்தவன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். கல்யாண ஆல்பம், வீடியோ எல்லாம் அவன் பொறுப்பு. பழைய படங்கள் வந்தால் மட்டும் என் மேஜைக்கு வரும். கண்ணில் புரை எடுத்த பிறகு திரை நன்றாகத் தெரிகிறது, மஞ்சள் கறை எது, நிஜ நிழல் எது என்று முன்னைவிடச் சுலபமாகப் பிரித்துவிடுகிறேன்.

இனி உன் அப்பா அம்மா கல்யாணப் படம். "கம்ப்யூட்டரில் எல்லாம் சரி பண்ணிவிடலாமாமே, அப்பா முகம் மட்டும் தெளிவாக வந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டதில் முக்கால்வாசி முடியும். ஆனால் நீ "மட்டும்" என்று சொன்ன அந்த ஒன்றுதான் சிக்கல். விவரமாகவே எழுதிவிடுகிறேன், அம்மாவிடமும் நீ அப்படியே சொல்லலாம்.

முதலில் அது என்ன பொருள் என்று பார். கறுப்பு வெள்ளைப் படம் என்பது காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின். அதற்குள் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். அந்தத் துகள்கள்தான் உன் அப்பாவின் மீசையும் அம்மாவின் மாலையும். ஜெலட்டினுக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் ஏறும்போது அது இளகும். உங்கள் வீட்டுப் பிரேமில் படம் நேராகக் கண்ணாடியிலேயே படிந்திருக்கிறது, நடுவில் மவுண்ட் அட்டை இல்லை. இளகிய ஜெலட்டின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஒட்டாத இடங்களில் பூஞ்சை புகுந்தது. பூஞ்சைக்கு ஜெலட்டின் சாப்பாடு. சாப்பிட்ட இடத்தில் துகளைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது.

படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து வேண்டாம். பிளேடும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். பூஞ்சை பட்ட ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்திருக்கும். துடைத்தால் கறையோடு முகமும் துணியில் வந்துவிடும். ஒரு வீட்டில் அப்படிச் செய்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தார்கள். தாத்தாவின் வேட்டி இருந்தது, தாத்தா இல்லை.

கண்ணாடியோடு சேர்த்தே நான் படம் எடுத்துக்கொள்வேன். இப்போது கடைகளில் வரும் மெல்லிய ஸ்கேனர்களில் பல, தம் மேல் ஒட்டிப் படுத்திருக்கும் தாளைத்தான் தெளிவாகப் பிடிக்கும். நடுவில் பிரேம் கண்ணாடியின் கனம் வந்தாலே மங்கிவிடும். அதனால் கேமராவில் மேலிருந்து நேராக எடுப்பேன். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, விளக்குகளுக்கு முன்னால் போலரைசர் தாள், லென்சில் போலரைசர் பில்டர். பில்டரைத் திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கண்ணாடியின் பளபளப்பு அப்படியே அணைந்துவிடும். ஓரங்களில் நீலமாக மினுங்குகிறதே, அது வெள்ளி மேல்பரப்புக்கு வந்து படிந்தது. அந்த மினுக்கமும் இதில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீ கெட்டுப்போனது என்று நினைத்த ஓரத்து ஆட்களில் பாதிப் பேர் கணினிக்குப் போவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுவார்கள்.

நீ அனுப்பிய படத்தை வைத்து ஏன் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்று கேட்பாய். கணக்கைப் பார். உன் படம் 8க்கு 6 அங்குலம். அதில் பதினாறு பேர். அப்பாவின் முகம் நெற்றியிலிருந்து மோவாய் வரை 8 மில்லிமீட்டர் இருக்கலாம். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பியதில் நீளவாக்கில் 1600 புள்ளிதான் வந்திருக்கிறது. அதாவது அங்குலத்துக்கு 200. அப்பா முகத்துக்குக் கிடைப்பது அறுபத்து மூன்று புள்ளி. நான் அங்குலத்துக்கு 1200 என்று எடுத்தால் அதே முகத்துக்கு 378 புள்ளி. அதற்கும் மேலே போவதில் லாபம் இல்லை. உண்மையைச் சொன்னால் 600ஐத் தாண்டினாலே காகிதத்தில் இருப்பது முகமல்ல, வெறும் மணல் மணலான துகள்தான். முழுச் சுவருக்குப் பெரிதாக்கித் தா என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: பிரிண்டில் விழாத புருவ மயிர் பெரிதாக்குவதால் முளைக்காது.

இனி எது சரியாகும் என்றால், மங்கல் சரியாகும். மஞ்சளும் சரியாகும். துகள் குறைந்திருந்தாலும் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்வரை அந்த வித்தியாசத்தை இழுத்து அகலமாக்கலாம். கண்ணாடியில் ஒட்டிய பகுதி கருத்தும் ஒட்டாத பகுதி வெளுத்தும் தீவு தீவாகத் தெரிகிறதே, அதுவும் சரியாகும். இரண்டிலும் அடியில் படம் முழுசாக இருக்கிறது, ஒட்டிய இடத்தில் காற்று நுழையாததால் ஈரம் பட்டதுபோல் கருப்பு ஆழமாகத் தெரிகிறது, அவ்வளவே. ஒவ்வொரு தீவுக்கும் ஓரம் கட்டி, வெளிச்சத்தைத் தனியாகச் சமன் செய்ய வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் அதில் நான் எதையும் கற்பனையாகச் சேர்ப்பதில்லை. பின்னால் தொங்கும் திரையில் உள்ள பூஞ்சைப் புள்ளிகளைப் பக்கத்துத் திரையை எடுத்து மூடுவேன். திரை திரைதான், யாரும் கேட்கப் போவதில்லை. உன் மாமாவின் சட்டைக்குக் குறுக்கே போகும் மடிப்புக்கோடும் அப்படித்தான்.

முன்வரிசையில் தலையை ஆட்டிவிட்ட சின்னப் பையன் யார், உன் சித்தப்பாவா? அவர் ஆடியது ஆடியதுதான். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அவருடைய இரண்டு மூன்று முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. கூர்மையாக்கினால் கலங்கிய முகத்துக்குக் கறுப்பு விளிம்பு கிடைக்கும், கண் மூக்கு கிடைக்காது. விட்டுவிடுவோம்.

இப்போது அப்பா. வலது பக்கம் நன்றாக இருக்கிறது: கண், மூக்கின் பாதி, மீசை முழுதும். இடது புருவத்திலிருந்து கன்னத்தின் மேடு வரை பூஞ்சை தின்றிருக்கிறது. நீ அனுப்பியதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே மங்கலாகக்கூட எதுவும் இல்லை, வெறும் காகிதம் தெரிகிறது. மங்கியதற்கும் போனதற்கும் இதுதான் வித்தியாசம். வெளிச்சத்தை எவ்வளவு இழுத்தாலும் அந்த இடம் ஒரே தட்டையாக நிற்கும். கன்னத்தை நிரப்பிவிடலாம், தோல்தானே. கண்ணை என்ன செய்வது?

பல ஸ்டூடியோக்களில் வலது கண்ணை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வைத்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் இந்தப் படத்தில் வெளிச்சம் அப்பாவின் வலது பக்கத்திலிருந்து வருகிறது. மூக்கின் நிழல் இடது பக்கம் விழுந்திருக்கிறது. திருப்பி வைத்த கண்ணில் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். முகமும் நேராக இல்லை, அம்மா பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அப்படியிருக்கும்போது தூரத்துக் கண் சற்று ஒடுங்கித்தான் தெரிய வேண்டும். இவற்றைக்கூட நகாசு செய்து சமாளிக்கலாம். ஆனால் உன் அப்பாவுக்கு இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், நினைவிருக்கிறதா? நம்மைக் கண்டிக்கும்போது அந்தக் கண் இன்னும் சுருங்கும். வலது கண்ணைத் திருப்பி வைத்தால் லட்சணமான ஒரு மாப்பிள்ளை கிடைப்பார், உன் அப்பா கிடைக்கமாட்டார். அதை முதலில் கண்டுபிடிப்பது உன் அம்மாவாகத்தான் இருக்கும்.

ஆகவே நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, என் வேலையைவிட அதுதான் முக்கியம். இதே படத்தின் இன்னொரு பிரதியைத் தேடு. அந்தக் காலத்தில் குரூப் போட்டோ என்றால் பெண் வீட்டுக்கு ஒன்று, பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று போட்டுக் கொடுப்பார்கள். அம்மாவின் அண்ணன் வீடு, மன்னார்குடிச் சித்தி வீடு, டிரங்குப் பெட்டி, பரணில் கிடக்கும் பிரேம்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். கிழிந்ததானாலும் சரி, சிறியதானாலும் சரி, கரப்பான் அரித்ததானாலும் சரி. அங்கேயும் பூஞ்சை வந்திருக்கலாம், ஆனால் அதே கண்ணைப் பார்த்தா தின்றிருக்கும்? இரண்டும் ஒரே நெகட்டிவிலிருந்து போட்டவை என்பதால் அளவு மாறினாலும் கருப்பு வெள்ளை அழுத்தம் மாறினாலும் கோணம் மாறாது. பெரிதாக்கி மேலே வைத்தால் பொருந்திவிடும். அந்தப் பிரதியின் இடது கண்ணை எடுத்து இதில் வைப்பது கற்பனை இல்லை, அதே நொடியில் விழுந்த அதே கண். கேட்டவர்களில் எத்தனையோ பேர் "எங்கேயும் இல்லை" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒரு அத்தையிடமிருந்து கொண்டு வந்திருக்கிறார்கள். எடுத்த ஸ்டூடியோ இன்னும் இருந்தால் நெகட்டிவையும் கேட்டுப்பார். அதிகம் நம்பாதே, எங்கள் தொழிலில் பலர் இடம் போதாமல் எப்போதோ கழித்துவிட்டார்கள்.

பிரதி கிடைக்காவிட்டால், அப்பா அதே வயதில், அதே பக்கம் வெளிச்சம் விழ, கிட்டத்தட்ட அதே சாய்வில் இருக்கும் வேறு படம் வேண்டும். ஆபீஸ் அடையாள அட்டைப் படம் நேர்ப்பார்வையாக இருக்கும், சரிப்படாது. அதுவும் இல்லையென்றால் அந்த இடத்தை மென்மையான நிழலாக விட்டு, முகம் நிழலில் நிற்பதுபோல முடித்துத் தருகிறேன். கண்ணை வரையமாட்டேன். வரைந்தே ஆகவேண்டும் என்று அம்மா சொன்னால் வரைகிறேன், ஆனால் வரைந்தது என்று பிரிண்டின் பின்னால் எழுதிவிடுவேன். நாளைக்கு உன் பேரன் அதைத் தாத்தாவின் அப்பா என்று நம்பப் போகிறானே.

கலர் போடச் சொல்லிக் கேட்டிருந்தாய். போடலாம், ஆனால் புடவையின் நிறம் இந்தப் படத்தில் இல்லை. அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாக விழும். போதாக்குறைக்கு சிவப்பைப் பார்க்காத ஒரு வகை பிலிம் அப்போது புழக்கத்தில் இருந்தது, அதில் சிவப்புப் பட்டு கறுப்பாகவே விழும். அம்மாவுக்கு நினைவிருந்தால் கேட்டு எழுது, அந்தப் புடவையின் முந்தானைத் துண்டு ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லையென்றால் கறுப்பு வெள்ளையாகவே விடுவோம்.

பிரேமை பார்சலில் அனுப்பாதே. கண்ணாடி உடைந்தால் ஒட்டிய ஜெலட்டின் சில்லோடு பெயர்ந்து வரும். யாராவது கையில் கொண்டு வரட்டும். கண்ணாடி மேலே பார்த்தபடி, படுக்கை வாட்டில், துணி சுற்றி. பின்பக்க அட்டையைக் கழற்ற வேண்டாம். அதுவரை அதைச் சுவரில் மாட்டாமல், பீரோவின் மேல்தட்டில் காற்றுப்படும் இடத்தில் வை. நவதானியத்தோடு பூட்டி வைக்காதே, அங்கே பூச்சி வரும்.

புதுப் பிரிண்டுக்கு மவுண்ட் வைத்து, கண்ணாடியில் படாமல் நானே பிரேம் போட்டுத் தருகிறேன். அசலைத் தூக்கிப் போட்டுவிடாதே. சித்தி வீட்டுப் பிரதி கிடைத்ததா இல்லையா என்று தெரிந்ததும் ஒரு வரி போடு, அதற்குப் பிறகுதான் அப்பா முகத்தில் கை வைப்பேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
நடராஜன்