செல்வமகள் கணக்கு: மார்ச் 31க்குள் பாஸ்புக்கைப் பாருங்க

கோத்தகிரி குழு அக்கா, தங்கச்சிகளுக்கு வணக்கம். மகளுக்கு 21 வயசு ஆனதும் பணம் முழுசா கைக்கு வந்துடும்னு பலர் நினைச்சிருக்கீங்க. அப்படி இல்லை. 21 வருஷங்கிறது கணக்குத் தொடங்கின தேதியிலிருந்து எண்ணுறது. 4 வயசுப் பிள்ளைக்கு 2024 ஜூனில் தொடங்கியிருந்தா, 2039 வரைக்கும் 15 வருஷம் கட்டணும். அப்புறம் கட்ட வேண்டாம், வட்டி மட்டும் ஏறும். முதிர்வு 2045 ஜூனில். அப்போ அவளுக்கு 25 வயசு.

காலேஜ் ஃபீஸுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 18 வயசு ஆனாலோ பத்தாம் வகுப்பு முடிச்சாலோ, முந்தின நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம். அட்மிஷன் கடிதமும் ஃபீஸ் விவரமும் கேட்பாங்க.

மார்ச் 31ல் முடியுற ஒவ்வொரு நிதியாண்டுக்கும் குறைஞ்சது 250 ரூபாய் கட்டணும், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பனிக்காலத்தில் தேயிலை வரத்து குறையும்போதுதான் இந்த 250 விட்டுப்போகுது. ரெண்டு வருஷம் விட்டிருந்தா 500 ரூபாயும், அபராதம் வருஷத்துக்கு 50 வீதம் 100 ரூபாயும், இந்த வருஷத்துக்கு 250ம் சேர்த்து 850 கட்டினா கணக்கு மறுபடி உயிர் பெறும். தொடங்கின 15 வருஷத்துக்குள் இதைச் செஞ்சிடணும்.

இலைப் பணம் நல்லா வர்ற மாசத்திலேயே கட்டிடுங்க, அதுவும் 5ஆம் தேதிக்குள். 5க்கு மேல் கட்டுற பணத்துக்கு அந்த மாச வட்டி கிடையாது. போஸ்ட் ஆபீஸில் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கிட்டு வாங்க.