பொட் பதியும் கணக்குகளை இந்த வருடம் எப்படிப் பார்க்கப் போகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான கணக்காய்வுக்குத் தேவையான ஆவணங்களின் பட்டியலை உங்களுக்கு அனுப்பியிருந்தோம். அதில் இம்முறை புதிதாக மூன்று கேட்டிருக்கிறோம்: கணக்கைத் தானாகப் பதியும் மென்பொருளான பொட்டின் பயனர் உரிமைப் பட்டியல், பொட்டில் செய்த மாற்றங்களின் பதிவு, பொட் நிறுத்திவைத்த பதிவுகளின் விதிவிலக்குப் பட்டியல். "பில்லும் வங்கிக் கூற்றும் தருகிறோமே, இது எதற்கு?" என்று சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

உங்களில் பலரிடம் இப்போது கொள்வனவு இன்வொய்ஸ்களைக் கணக்குப்பிள்ளை கையால் பதிவதில்லை. கொழும்பிலிருந்து வழங்குநர் மின்னஞ்சலில் அனுப்பும் இன்வொய்ஸை ஒரு மென்பொருள் பொட் திறந்து வாசிக்கிறது. நீங்கள் கொடுத்த கொள்வனவுக் கட்டளையோடும், களஞ்சியத்தில் எழுதிய பொருள் ஏற்புச் சீட்டோடும் ஒப்பிடுகிறது. மூன்றும் பொருந்தினால் பேரேட்டில் பதிகிறது, பொருந்தாவிட்டால் ஒதுக்கிவைத்து ஆள் பார்க்கட்டும் என்று விடுகிறது. இதில் கணக்காய்வாளருக்கு ஒரு புதுச் சிக்கல் வருகிறது. மனிதர் பதிந்தால் பிழை அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். பொட்டுக்குக் கொடுத்த விதி பிழையென்றால், அந்த விதிக்குள் வரும் ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரிப் பிழையாகும். அதனால் பில்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட, விதி என்ன, அதை யார் தொட்டார்கள் என்பதைப் பார்ப்பது முக்கியமாகிறது.

ஒரு உதாரணம். யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டடப் பொருள் கடை என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான், ஆனால் நடக்கக்கூடிய கதை. அங்கே பொட் ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு ஓடுகிறது. அதற்கென்று `BOT_AP01` என்ற பயனர் பெயர் இருக்கிறது. கட்டளைப்படி வரும் மொத்த விலைக்கும் இன்வொய்ஸின் மொத்த விலைக்கும் 100 ரூபாய் வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடு, அதற்கு மேலென்றால் நிறுத்து என்பது விதி. 2024 ஒக்டோபர் 1 முதல் 27 வரை 190 இன்வொய்ஸ்கள் வந்தன, அவற்றில் 29 இன்வொய்ஸ்களைப் பொட் நிறுத்தியது. ஒக்டோபர் 28 முதல் நவம்பர் முடிவு வரை 204 வந்தன, நிறுத்தியது இரண்டே இரண்டு. அந்த இரண்டும் ஏற்புச் சீட்டு வராததால் நின்றவை. விலை வித்தியாசத்தால் நின்றது ஒன்றுகூட இல்லை.

முதலாளி பார்த்தால் சந்தோஷப்படுவார். பொட் நன்றாகப் பழகிவிட்டது, வேலை குறைந்துவிட்டது என்று தோன்றும். எங்களுக்கோ இந்த இடத்தில்தான் சந்தேகம் வரும். வழங்குநர்கள் எல்லோரும் ஒரே இரவில் திருந்திவிட மாட்டார்கள். நிறுத்தங்கள் திடீரென்று குறைந்தால், வந்த இன்வொய்ஸ்கள் மாறினவா, பொட்டின் விதி மாறியதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்கு மாற்றப் பதிவைத் திறக்கிறோம். ஒரு வரி இப்படி இருக்கிறது:

```
2024-10-28 18:42  price_tolerance: 100 -> 5000  user=BOT_AP01
```

அந்த ஒரு வரியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, 100 ரூபாயாக இருந்த எல்லை 5,000 ரூபாயாகிவிட்டது. இரண்டாவது இன்னும் பெரியது. மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டின் பெயரே இருக்கிறது. பொட் தன் விதியைத் தானே மாற்றாது. அது ஓடுவது இரவு 9 மணிக்கு, மாற்றம் நடந்ததோ மாலை 6.42க்கு. அப்படியானால் பொட்டின் கடவுச்சொல் தெரிந்த ஒருவர் அந்தப் பெயரில் உள்ளே போயிருக்கிறார். யாரென்று பதிவு சொல்லாது. லாச்சித் திறப்பை எல்லோருக்கும் எட்டும் ஆணியில் கொழுவிவிட்டு, பிறகு திறந்தது யார் என்று கேட்பது போன்ற நிலை இது.

அன்று தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. நிறுத்தி வைத்த இன்வொய்ஸ்கள் குவிந்திருக்கும், லீவுக்கு முன் முடிக்க வேண்டும் என்று யாரோ எல்லையை உயர்த்தியிருக்கலாம். கெட்ட எண்ணம் இருந்திருக்கத் தேவையில்லை. ஆனால் திரும்ப இறக்க மறந்துவிட்டார்கள். பழைய 100 ரூபாய் எல்லையை வைத்து அந்த 204 இன்வொய்ஸ்களையும் மீண்டும் ஒப்பிட்டால், விலை வித்தியாசத்துக்காக 31 நின்றிருக்க வேண்டும் என்று தெரிகிறது. அதில் 14 ஒரே வழங்குநருடையவை. சீமெந்து மூட்டைக்குக் கட்டளை விலையைவிட 25 ரூபாய் கூட, ஒவ்வொரு இன்வொய்ஸிலும் 150 மூட்டை. ஒரு இன்வொய்ஸில் 3,750 ரூபாய், 14இல் 52,500 ரூபாய். மீதி 17இன் வித்தியாசம் 9,350 ரூபாய். ஆக, வரி நீங்கலாக 61,850 ரூபாய் யாரும் பார்க்காமல் கூடுதலாகக் கடன்கொடுத்தோர் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றும் 5,000க்குக் கீழே என்பதால் பொட்டின் கண்ணில் எல்லாம் சரி. பில்லை மட்டும் பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் பில்லில் உள்ள தொகைதான் பேரேட்டிலும் இருக்கிறது.

மூன்று பட்டியலையும் ஏன் சேர்த்துக் கேட்கிறோம் என்பது இப்போது புரிந்திருக்கும். விதிவிலக்குப் பட்டியல் சந்தேகத்தைத் தந்தது, மாற்றப் பதிவு காரணத்தைக் காட்டியது, பொட்டின் பெயருக்கு விதியை மாற்றும் உரிமையும் இருந்ததைக் காட்டிய பயனர் உரிமைப் பட்டியல் அது எப்படிச் சாத்தியமானது என்று சொன்னது. ஒன்றை மட்டும் வைத்து இந்தக் கதையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

உரிமை விடயத்தில் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறோம். பொட்டின் பயனர் பெயருக்குக் கொள்வனவுப் பதிவு செய்யும் உரிமை மட்டும் போதும். புதிய வழங்குநரைச் சேர்ப்பது, வழங்குநரின் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றுவது, கொடுப்பனவுக்கு ஒப்புதல் தருவது, தன் விதியையே மாற்றுவது, இவற்றில் ஒன்றும் அதற்குத் தேவையில்லை. நடைமுறையில், பொட்டைப் பொருத்திக் கொடுப்பவர்கள் வேலை சுலபமாக முடியட்டும் என்று நிர்வாகி உரிமையையே கொடுத்துவிட்டுப் போவதுண்டு. கடவுச்சொல் ஒரு எக்செல் தாளில் கிடக்கும், வேலையை விட்டுப் போனவருக்கும் தெரிந்திருக்கும். எனவே பட்டியலை முன்கூட்டியே அச்சிட்டு வைக்க வேண்டாம். நாங்கள் வரும்போது எங்கள் முன்னால் மென்பொருளிலிருந்து நேரடியாக எடுத்துத் தாருங்கள். அதோடு பொட்டின் பெயரில் உள்ள பதிவுகளை நேரப்படி வரிசைப்படுத்துவோம். இரவு 9 மணிக்கு ஓடும் பொட், பகல் 11.20க்கு ஒரு பதிவு போட்டிருந்தால் அது கையால் போட்ட பதிவாகத்தான் இருக்கும். அதற்குரிய ஆளையும் பில்லையும் கேட்போம்.

மாற்றங்களைப் பார்க்கும்போது தொடங்கும் இடம் முக்கியம். சிலர் ஒப்புதல் கடிதங்களைக் கோப்பில் அழகாக அடுக்கித் தருவார்கள். அது நல்லதுதான், ஆனால் ஒப்புதல் கோப்பிலிருந்து தொடங்கினால் ஒப்புதல் உள்ள மாற்றங்கள் மட்டும்தான் கண்ணில் படும். அதனால் நாங்கள் மென்பொருளின் மாற்றப் பதிவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதல் எங்கே என்று தேடுவோம். கேட்டவர் ஒருவர், அனுமதித்தவர் இன்னொருவர், பழைய சில இன்வொய்ஸ்களை ஓட்டிப் பார்த்த பரிசோதனை, நடைமுறைக்கு வந்த திகதி: இவ்வளவும் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். சிறிய கடையில் இரண்டு பேர்தானே என்றால், முதலாளி கையெழுத்து வைத்தாலே சரி.

விதியை மாற்றாமல் விடுவதும் பிழையாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. வரி வீதத்தை உள்ளே எழுதிவைத்த பொட்டை யாரும் தொடாமல் விட்டிருந்தால் அது ஜனவரியிலும் 15இலேயே கணக்குப் பார்த்திருக்கும். மாற்றியிருந்தாலும், டிசம்பரில் பொருள் வந்து இன்வொய்ஸும் டிசம்பர் திகதியோடு ஜனவரியில் கைக்கு வந்த இடத்தில் எந்த வீதம் போட்டது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

விதிவிலக்குப் பட்டியலில் முதல் வேலை ஒரு சின்னக் கூட்டல். வந்த இன்வொய்ஸ்களின் எண்ணிக்கை, பதிந்தவையும் நிறுத்தியவையும் சேர்ந்த எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். 204 வந்து, 198 பதிந்து, 2 நின்றது என்றால் 4 எங்கே? ஓடும் நடுவில் மின்சாரம் போய், திரும்பத் தொடங்கியபோது பொட் அவற்றைத் தாண்டிப் போயிருக்கலாம். மின்னஞ்சலில் இருக்கும், பேரேட்டில் இராது, விதிவிலக்கிலும் இராது. இதற்கு மாறாக எண்ணிக்கை கூடினால் ஒரே இன்வொய்ஸ் இரண்டு தரம் பதிவாகியிருக்கலாம். அப்புறம், நிறுத்திய ஒவ்வொன்றையும் யார், எப்போது, எப்படி முடித்தார்கள் என்று பார்ப்போம். எல்லாவற்றையும் தொங்கல் கணக்கில் போட்டு மாதத்தை மூடுவது முடித்ததாகாது.

இவ்வளவும் பார்த்தாலும் எங்களுக்கு ஒரு எல்லை இருக்கிறது. கட்டளை, ஏற்புச் சீட்டு, இன்வொய்ஸ் மூன்றையும் ஒருவரே பொய்யாக உருவாக்கியிருந்தால் பொட் அதைக் குறையில்லாமல் பதியும், எந்தப் பதிவேட்டிலும் அடையாளம் இராது. களஞ்சியத்தில் சரக்கை எண்ணுவதையும் வழங்குநரிடம் மீதியை எழுதிக் கேட்பதையும் அதனால் நாங்கள் கைவிடப் போவதில்லை.

கட்டணம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். உரிமைகள் ஒழுங்காக இருந்து, ஆண்டு முழுவதும் விதி ஒன்றாகவே இருந்தது என்று காட்ட முடிந்தால், ஒவ்வொரு வகைப் பதிவிலும் ஓரிரண்டைச் சோதித்தாலே அந்த விதி வேலை செய்தது என்று ஏற்க முடியும். காட்ட முடியாவிட்டால் கையால் பதிந்த கணக்கைப் போலவே நிறையப் பில்களை எடுத்துப் பார்க்க வேண்டிவரும். நாட்களும் கூடும், கட்டணமும் கூடும்.

இப்போதே செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. சில மென்பொருள்கள் பழைய பதிவுகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தாமாகவே அழித்துவிடும். உங்களுடையது எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று பொருத்திக் கொடுத்தவரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். இனி ஒவ்வொரு மாத முடிவிலும் மாற்றப் பதிவையும் விதிவிலக்குப் பட்டியலையும் பிரதி எடுத்து, பொட்டை இயக்குபவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஏற்கெனவே அழிந்துபோன மாதங்கள் இருந்தால் எவை என்று எழுதி அனுப்புங்கள், அந்த மாதங்களுக்கு மட்டும் பில்களைக் கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லி முன்கூட்டியே அறிவிப்போம்.

சந்தேகம் இருப்பவர்கள் அலுவலகத்துக்கு வரும்போது பொட்டைப் பொருத்தியவரையும் கூட்டி வாருங்கள். மூவரும் இருந்து ஒருதரம் திரையில் பார்த்தால் பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்காய்வு அலுவலகத்தார்
யாழ்ப்பாணம்