மாற்றுச் சான்றிதழில் மகளின் பெயரைத் திருத்தித் தரக் கோரி மனு

அனுப்புநர்: எட்டாம் வகுப்பு முடித்த மாணவி வி. யாழினியின் தாய்

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், அரசு நடுநிலைப் பள்ளி

பொருள்: மாற்றுச் சான்றிதழில் உள்ள எழுத்துப் பிழையைச் சரிசெய்து புதிய சான்றிதழ் வழங்கக் கோருதல்

ஐயா, வணக்கம்.

என் மகள் யாழினி உங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்ப்பதற்காக நீங்கள் கொடுத்த மாற்றுச் சான்றிதழில் அவள் பெயர் தமிழில் ‘யாளினி’ என்று இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான், இசட் ஹெச் வரவேண்டிய இடத்தில் வெறும் எல் மட்டும் நிற்கிறது. தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் சரியாகவே உள்ளன. தப்பு அந்த ஓர் எழுத்தில்தான்.

புதிய பள்ளியில் பிறப்புச் சான்றிதழையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போதைக்கு வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஆனால் சேர்க்கையை உறுதி செய்யவில்லை. பெயரை மாற்ற வேண்டுமென்றால் நோட்டரி உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்றெல்லாம் போகவேண்டியிருக்கும் என்று அங்கே ஒருவர் சொன்னதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். நாங்கள் கேட்பது பெயர் மாற்றமே இல்லை. வேறு பெயர் வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அரசிதழ் எல்லாம். எங்கள் மகள் பிறந்த நாளிலிருந்து யாழினிதான். உங்கள் ஆவணத்தில் இருப்பதைச் சான்றிதழில் எடுத்து எழுதும்போது ஏற்பட்ட பிழை இது.

அதற்கு ஆதாரம் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. அவளைச் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழ் நகலுடன் நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பம், அதைப் பார்த்து நிரப்பிய சேர்க்கைப் பதிவேடு, இரண்டையும் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியர் ‘யாழினி’ என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அதன் நகலை இணைத்திருக்கிறேன். பதிவேட்டில் சரியாக இருந்தால், சான்றிதழில் மட்டும் வந்த பிழையைப் பள்ளியே சரிசெய்து கொடுக்கலாம் என்பதே என் புரிதல். ஒருவேளை பதிவேட்டிலேயே தப்பாக ஏறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அப்போது எந்த அதிகாரியின் உத்தரவு தேவை என்று எழுத்தில் கொடுத்தால் அங்கே போய்க்கொள்கிறோம்.

இன்னொன்று. இருக்கிற சான்றிதழிலேயே வெள்ளை மை தடவி மேலே எழுதித் தரவேண்டாம் ஐயா. அவசரத்துக்கு அது சுலபம்தான், ஆனால் அடித்துத் திருத்திய சான்றிதழை வாங்குகிறவர்கள் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள், யார் திருத்தினார்கள் என்று அதில் தெரியாதே. பழைய சான்றிதழின் அசலைத் திருப்பிக் கொடுக்கிறேன். அதை ரத்து செய்துவிட்டு, பெயர் சரியாக உள்ள புதிய சான்றிதழை உங்கள் கையெழுத்து, முத்திரையுடன் தரவேண்டும். பள்ளியில் இருக்கும் அடிக்கட்டையிலும் ரத்து என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னாளில் யாராவது சரிபார்க்கக் கேட்டால் தப்பான பெயரே பதிலாகப் போகும். கணினியில் ஏற்றியிருந்தால் அங்கேயும் மாற்றவேண்டும், அப்புறம் மறுபடி அச்சடிக்கும்போது ‘யாளினி’ திரும்பி வந்துவிடக்கூடாது. அச்சடிக்கும் முன் ஒரு தடவை எங்களிடம் காட்டினால் இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதை இப்போதே கேட்பதற்குக் காரணம் பத்தாம் வகுப்பு. புதிய பள்ளி இந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் தன் பதிவேட்டில் பெயர் ஏற்றும், அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும். அதன்படி மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டால் அதைத் திருத்துவது உங்கள் கையிலும் இருக்காது, அந்தப் பள்ளியின் கையிலும் இருக்காது, தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்துக் காத்துக்கிடக்க வேண்டும். இன்றைக்கோ இது உங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை.

யார் தட்டச்சு செய்தார்கள், யார் சரிபார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அலுவலக உதவியாளர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை, சேர்க்கைக் காலத்தில் அந்த மேசையில் எவ்வளவு காகிதம் குவிந்திருக்கும் என்று நேரில் பார்த்தவள்தான். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் தேதியுடன் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக்கொடுங்கள். சான்றிதழ் கிடைக்கும் வரை புதிய பள்ளியில் காட்ட அது போதும்.

பழைய மாற்றுச் சான்றிதழின் அசல், பிறப்புச் சான்றிதழ் நகல், எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டை நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பிறப்புச் சான்றிதழின் அசலையும் கையில் கொண்டு வருகிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாணவி வி. யாழினியின் தாய்